வீட்டுக் கடன் வட்டி மானியம்: ஐந்து தவணையும் கைக்கு வர என்ன செய்ய வேண்டும்?

நகரத்தில் முதல் வீடு வாங்குவோருக்கு ரூ.1.80 லட்சம் வரை வட்டி மானியம் தருகிறது மத்திய அரசின் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் (நகர்ப்புறம்) 2.0. 2022-இல் முடிந்துபோன பழைய திட்டத்தில் மானியம் முழுவதும் ஒரே தடவையில் கடன் கணக்கில் வரவாகிவிடும். புதியதில் ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து தவணைகளில் வருகிறது. பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

முதலில் தகுதி. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை இருந்தால் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு, 6 லட்சம் வரை குறைந்த வருவாய்ப் பிரிவு, 9 லட்சம் வரை நடுத்தர வருவாய்ப் பிரிவு. மூன்று பிரிவுக்கும் கணக்கு ஒன்றே: கடனில் முதல் 8 லட்சத்துக்கு, 12 ஆண்டு வரை, 4 சதவீத வட்டிச் சலுகை. வீட்டின் மதிப்பு 35 லட்சத்தையும், கடன் 25 லட்சத்தையும் தாண்டக் கூடாது. கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் என யார் பெயரிலும் நாட்டில் எங்கும் பக்கா வீடு இருக்கக் கூடாது. சொந்த ஊரில் மனைவி பெயரில் ஒரு ஓட்டு வீடு இருந்தாலும் சிக்கல்தான். 2024 செப்டம்பர் 1-க்குப் பிறகு அனுமதித்து வழங்கப்பட்ட கடன்களுக்கே இது பொருந்தும்.

கடன் தரும் வங்கியிலோ pmay-urban.gov.in தளத்திலோ விண்ணப்பிக்கலாம். குடும்பத்தினரின் ஆதார், வருமானச் சான்று, வேறு வீடு இல்லை என்ற உறுதிமொழி ஆகியவை வேண்டும். வங்கி சரிபார்த்து, தேசிய வீட்டுவசதி வங்கி, ஹட்கோ, ஸ்டேட் வங்கி ஆகிய மைய முகமைகளில் ஒன்றுக்கு அனுப்பும். மானியம் ரொக்கமாக வராது. கடன் கணக்கில் வரவாகி அசலைக் குறைக்கும். விண்ணப்ப எண்ணைப் பத்திரமாக வைத்திருந்தால் நிலையைத் தளத்திலேயே பார்க்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவருக்கு மாதம் 28 ஆயிரம், மனைவிக்கு 14 ஆயிரம், ஆண்டுக்கு 5.04 லட்சம், அதாவது குறைந்த வருவாய்ப் பிரிவு. எட்டரை சதவீத வட்டியில், 20 ஆண்டுக்கு 20 லட்சம் கடன். மாதத் தவணை சுமார் 17,360 ரூபாய். மானியம் ஆண்டுக்கு 36 ஆயிரம் வீதம் வரும்.

ஒவ்வொரு தவணை விடுவிக்கப்படும்போதும் கடன் நடப்பில் இருக்க வேண்டும். அசலில் பாதிக்கு மேல் பாக்கியும் இருக்க வேண்டும். இவர்களுக்கு அந்த எல்லை 10 லட்சம். மூன்று மானியத் தவணை வந்த நிலையில் பாக்கி சுமார் பதினேழரை லட்சம் இருக்கும். அப்போது ஊர் நிலத்தை விற்ற 8 லட்சத்தை மொத்தமாகக் கட்டினால் பாக்கி ஒன்பதரை லட்சத்துக்கு இறங்கும். மீதி இரண்டு தவணையும், அதாவது 72 ஆயிரமும், போய்விடும்.

ஆனாலும் 8 லட்சத்தை முன்கூட்டிக் கட்டினால் ஆண்டுக்குச் சுமார் 68 ஆயிரம் வட்டி மிச்சமாகிறது. ஆகவே மானியத்துக்காகவே பணத்தைக் குறைந்த வட்டியில் முடக்கி வைப்பது லாபமல்ல. அடுத்த தவணை வரச் சில மாதங்களே இருந்தால் மட்டும் பொறுத்திருந்து கட்டுவது நல்லது. எதற்கும், பெரிய தொகை கட்டுமுன் அசல் பாக்கி எவ்வளவு, அடுத்த மானியம் எப்போது என்று வங்கியில் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள்.