வாசலுக்கு ஒரு பூ வளைவு

நவராத்திரிக்கு வாசலில் பூ வளைவு வைக்க, பச்சை மூங்கிலைப் பிளந்த பிளாச்சு போதும். காய்ந்த மூங்கில் வளைக்கும்போதே படீரென்று விரியும்.

வாசல் 4 அடி அகலம் என்றால், அரைவட்டத்துக்குச் சுமார் ஆறேகால் அடி வேண்டும். இரு கால்களோடும் சேர்த்துக் கட்ட ஓரடி ஓரடி கூட்டி, எட்டேகால் அடியில் இரண்டு பிளாச்சு வெட்டுங்கள். பச்சைத் தோல் வெளிப்பக்கம் இருக்கட்டும். இழுவையைத் தாங்குவது அதுதான். உள்பக்கம் கணு புடைத்த இடங்களைக் கத்தியால் சீவாவிட்டால் வளைவு அங்கே முழங்கை போல மடங்கும். முழங்காலில் வைத்து, நடுவிலிருந்து மெல்ல வளைக்கவும்.

இரண்டையும் ஒரு சாண் இடைவெளியில் குறுக்குக் குச்சிகளால் இணைத்தால் முறுக்காது. கால்களை ஈரமணல் நிரப்பிய பழைய பெயிண்ட் வாளிகளில் நடலாம்.

பூவுக்கு முன் மாவிலை கட்டுங்கள். மூங்கில் மறையும், பூச்செலவும் குறையும். செவ்வந்திச் சரத்தை இருபுறமும் மாறி மாறி, கீழிருந்து மேலே சுற்றவும். ஒரே பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் உச்சி சாயும். மல்லிகையை மாலையில்தான் சுற்ற வேண்டும், காலையில் கட்டினால் மதியமே வாடிவிடும்.