கறுப்புப் புர்காவுக்கு நிழல், வெள்ளைத் துப்பட்டிக்கு வெயில்

சகோதரிகளே! விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துச் சித்திரை வெயிலில் மாடிக் கொடியிலிட்ட துணி விரைவில் காய்ந்துவிடும். ஆயினும் அவ்வெயிலின் புற ஊதாக் கதிர்கள் சாயத்தைச் சிதைக்கின்றன. ஈரத் துணியில் இச்சிதைவு பெரும்பாலும் இன்னும் விரைவாக நிகழும்.

கறுப்புப் புர்காவின் தோள் செம்பட்டையாகியிருந்தால், தையலின் உள்மடிப்பைப் பாருங்கள். அங்கே கறுப்பு மாறாதிருப்பின் குற்றம் வெயிலுடையது. அதுவும் மங்கியிருப்பின் சலவையுடையது. மங்கிய சாயம் மீளாது. ஆகவே உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்துங்கள். காற்றில்லா மூலையெனில் ஈரவாடைதான் மிஞ்சும்!

வெள்ளைப் பருத்தித் துப்பட்டிக்கோ வெயிலே நலம்; மஞ்சள் படிவு வெளுக்கும். ஆனால் அசையாது காய்ந்த பருத்தி விறைக்கும். எஞ்சும் சிறிதளவு நீரே இழைகளை ஒட்டவைக்கிறது என 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் விளக்கினர். எடுத்ததும் கசக்கி உதறுங்கள், இளகிவிடும்.