காலி என்று காட்டும் இடமெல்லாம் காலி அல்ல

250 ஜிபி வட்டு கொண்ட ஒரு மேக் கணினியில் 20 ஜிபி மட்டுமே மீதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடம் போதாமல் 40 ஜிபி அளவுள்ள பழைய வீடியோ ஒன்றை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்கிறீர்கள். இப்போது 60 ஜிபி இருப்பதாக ஃபைண்டர் காட்டுகிறது. அந்த நம்பிக்கையில், வேறொரு இயங்குதளத்தை வைக்க 50 ஜிபி பகுதியைத் தனியாகப் பிரிக்கப் போனால், போதிய இடமில்லை என்று கணினி மறுத்துவிடுகிறது.

டிஸ்க் யுட்டிலிட்டியைத் திறந்தால் விடை கிடைக்கும். அங்கே Available என்ற இடத்தில் 60 ஜிபி என்றும், அதையொட்டி 40 ஜிபி purgeable என்றும் இருக்கும். தேவை வந்தால் கணினி தானாகவே அழித்து மீட்டுக்கொள்ளக்கூடிய இடம் என்று அதற்குப் பொருள். இன்னும் அழிக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அந்த 40 ஜிபியில் இப்போதும் தரவு இருக்கிறது.

அழித்த வீடியோ எப்படி இன்னும் இருக்கிறது? டைம் மெஷின் தானியங்கிக் காப்பை இயக்கி வைத்திருந்தால், மேக் ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை வட்டின் அப்போதைய நிலையை ஸ்னாப்ஷாட்டாகப் பதிந்துகொள்கிறது. வெளி வட்டு இணைக்கப்படாத நேரத்திலும் இது நடக்கும். 2017-இல் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ் கோப்பு முறை இதற்காக எதையும் நகலெடுப்பதில்லை. அந்த நேரத்தில் எந்தெந்தத் தரவுத் துண்டுகள் இருந்தனவோ, அவற்றை மேலெழுதாமல் காத்து வைக்கிறது. ஆகவே ஸ்னாப்ஷாட் எடுத்த உடனே அது இடம் பிடிப்பதில்லை. நீங்கள் வீடியோவை அழித்த பிறகுதான் அதன் சுமை தெரிகிறது. கோப்பின் பெயர் உங்கள் பார்வையிலிருந்து போய்விடும்; 40 ஜிபி தரவோ ஸ்னாப்ஷாட்டின் பிடியில் வட்டிலேயே கிடக்கும்.

ஐகிளவுடில் ஏற்கெனவே பத்திரமாக ஏறிவிட்ட படங்களும் ஆவணங்களும், திரும்ப உருவாக்கிக்கொள்ளக்கூடிய சில கேஷ் கோப்புகளும் இந்தக் கணக்கில் வரலாம். ஐகிளவுடில் இல்லாத உங்கள் ஆவணங்களையும், நீங்கள் நிறுவிய செயலிகளையும் கணினி இப்படித் தானாக நீக்காது.

ஃபைண்டர் மீட்கக்கூடிய இடத்தையும் கூட்டிச் சொல்கிறது. வட்டில் இந்த நொடியில் உண்மையாகவே காலியாக உள்ள துண்டுகளை மட்டும் எண்ணிப் பார்க்கும் நிரல்களும் உண்டு. அவற்றின் கணக்கில் இங்கே இருப்பது 20 ஜிபிதான். இரண்டு எண்ணும் பிழையல்ல. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். அதனால்தான் ஒரு நிரல் இடம் இருக்கிறது என்றும் இன்னொன்று இல்லை என்றும் சொல்கிறது. மீட்கும் வேலையைக் கணினி தன் முறைப்படி, தனக்குத் தேவை என்று தோன்றும்போதே செய்கிறது. அதற்கு நேரமும் பிடிக்கும். பெரிய கோப்பு ஒன்று வேகமாக வந்து இறங்கும்போது அந்த வேகத்துக்கு அது ஈடுகொடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

உண்மை நிலையை டெர்மினலில் பார்க்கலாம்:

```
df -H /System/Volumes/Data
tmutil listlocalsnapshots /
```

முதல் கட்டளையில் Avail என்ற பத்தியில் வருவது உண்மையான காலி இடம். அது 20 ஜிபி என்றும் ஃபைண்டர் 60 ஜிபி என்றும் சொன்னால், நடுவில் உள்ள 40 ஜிபிதான் மீட்கக்கூடிய இடம். இரண்டாவது கட்டளை, இருக்கும் ஸ்னாப்ஷாட்களைத் தேதி, நேரத்தோடு பட்டியலிடும்.

அவசரமில்லை என்றால் ஒரு நாள் காத்திருப்பது நல்லது. மணிக்கணக்கில் எடுக்கப்படும் ஸ்னாப்ஷாட்களை மேக் சுமார் 24 மணி நேரத்துக்குப் பின் தானே நீக்கிவிடும். கடைசியாக வெற்றிகரமாக முடிந்த காப்பின் ஸ்னாப்ஷாட் மட்டும் இடம் தேவைப்படும் வரை நீடிக்கலாம். உடனே இடம் வேண்டுமென்றால், `tmutil deletelocalsnapshots` என்ற கட்டளையோடு பட்டியலில் உள்ள தேதியைச் சேர்த்துக் கொடுத்து நீக்கலாம். ஒரே தரவைப் பல ஸ்னாப்ஷாட்கள் பிடித்திருக்கக்கூடும். அவை எல்லாம் போனால்தான் அந்த 40 ஜிபி விடுபடும்.

இந்த இடத்துக்கு விலை இருப்பதும் இங்கேதான். வெளி வட்டில் காப்பு இல்லாதவருக்கு, நேற்றுத் தவறி அழித்த கோப்பை மீட்க இருக்கும் ஒரே வழி அந்த ஸ்னாப்ஷாட்டாக இருக்கலாம். ஐகிளவுடில் மட்டும் மிஞ்சிய படத்தை முழு அளவில் திரும்பப் பெற இணையம் வேண்டும். இணைப்பில்லாத பயணத்தில் அது கைக்கு வராது.

ஆகவே பெரிய வேலை எதையும் தொடங்கும் முன் ஃபைண்டர் எண்ணை நம்பாதீர்கள். `df` காட்டும் எண்ணைப் பாருங்கள். ஸ்னாப்ஷாட்டை நீக்கும் முன், வெளி வட்டில் முழுமையான காப்பு இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.