புகையை விட்டதும் ஈறில் ரத்தம் வருவது ஏன்?

இருபது, முப்பது வருடம் சிகரெட்டோ பீடியோ பிடித்தவர் அதை விட்ட சில வாரங்களில், காலையில் பல் தேய்த்துத் துப்பும்போது ரத்தத்தைப் பார்க்கிறார். 'பிடித்த காலத்தில் ஒரு சொட்டுகூட வரவில்லையே' என்று பயந்து, ஈறில் படாமல் மேலோட்டமாகத் தேய்க்க ஆரம்பிக்கிறார். பயப்பட வேண்டியது இப்போது அல்ல. ரத்தமே வராமல் இருந்த காலத்தில்தான்.

ஈறு நோயின் முதல் அடையாளம் ரத்தக் கசிவு. நிகோடின் ஈறின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால், உள்ளே நோய் முற்றினாலும் வெளியே ஈறு இறுக்கமாக, வெளிறித் தெரியும். புகை நின்றதும் ரத்த ஓட்டம் திரும்புகிறது. அதுவரை மறைந்திருந்த நோய் வெளியே தெரிகிறது.

மருத்துவர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு அளப்பார். 3 மி.மீ. வரை சரி. நம்மவரின் கீழ்க் கடைவாய்ப் பல்லில் அது 6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பள்ளத்துக்குள் பிரஷ் போகாது. காற்றுப் புகாத அந்த இடத்தில் வாழும் கிருமிகள் கந்தக வாயுக்களை உண்டாக்கும். புகையை விட்ட பிறகும் வாய் நாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மவுத்வாஷ் கொப்பளித்தால் வாசனை கொஞ்ச நேரம் மறையும், அவ்வளவுதான்.

மரத்துப்போக ஊசி போட்டு, பள்ளத்துக்குள் வேரில் ஒட்டிய காரையைச் சுரண்டி எடுப்பார்கள். மேலே படிந்த புகைக் கறையும் ஸ்கேலிங், பாலிஷ் செய்யும்போதே பெரும்பாலும் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தால் 6 மி.மீ. 4 ஆகக் குறைந்திருக்கலாம். வீக்கம் வடிந்து ஈறு சுருங்குவதால் பல்லிடுக்கு பெரிதாகத் தெரியும், குளிர்ந்த நீர் பட்டால் கூசும். 'கிளீன் பண்ணித்தான் பல் ஆடுது' என்று பலர் சொல்வது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் எலும்பு எப்போதோ கரைந்துவிட்டது. ஆடாதபடி பிடித்து வைத்திருந்தது காரைதான்.

கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது. மேற்கொண்டு கரையாமல் தடுப்பதுதான் சிகிச்சையின் இலக்கு. புகையை விட்டவரின் ஈறு, விடாதவரின் ஈறைவிட இந்தச் சிகிச்சையில் நன்றாக ஆறும். விழுந்த பல்லுக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் பல்செட், பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜ், எலும்பில் திருகும் இம்பிளான்ட் என மூன்று வழி உண்டு. இம்பிளான்ட்டுக்குப் போதிய எலும்பு வேண்டும்; புகைப்பவர்களுக்கு அது தோற்கும் வாய்ப்பும் கூடுதல். அதனால் ஈறு நோய் அடங்கிய பிறகே வைப்பார்கள். பல்லை வெளுப்பாக்கும் பிளீச்சிங்கும் அப்படித்தான்.

புகையை விட்ட பிறகு ரத்தம் வந்தால் பல் தேய்ப்பதை நிறுத்தாதீர்கள். அந்த வாரமே பல் மருத்துவரிடம் போய், எத்தனை வருடம் புகைத்தீர்கள் என்பதையும் சொல்லி, ஈறுப் பள்ளங்களை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.