விடுபட்ட இருபத்தைந்து நிமிஷம்

பாலர் வகுப்பு ஆசிரியை ஒருவர், தம் வகுப்புக்கு அடிக்கடி தாமதமாக வரும் நான்கு வயதுச் சிறுவனின் பெற்றோருக்குத் தாம் எழுதிய கடிதத்தை, அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டி அபிப்பிராயம் கேட்டார். பையனின் டைரியில் ஏற்கெனவே மூன்று முறை, "குழந்தையைக் குறித்த நேரத்தில் அனுப்பவும்" என்று சிவப்பு மையால் எழுதியாகிவிட்டது. மூன்று முறையும் அதன் கீழே தகப்பனாரின் கையெழுத்து வந்ததே தவிர, பையன் வரும் நேரம் மாறவில்லை. நாலாவதாக எழுதிய இந்தக் கடிதத்திலோ கடிகாரத்தைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. பையன் வருவதற்கு முன் வகுப்பில் என்ன நடந்து முடிந்துவிடுகிறது என்பதே அதன் விஷயமாக இருந்தது.

அந்த வகுப்பு 8.45-க்குத் தொடங்குகிறது. குழந்தை செருப்பைக் கழற்றி அடுக்கில் வைக்கிறது. பையைத் தன் படம் ஒட்டிய கொக்கியில் மாட்டுகிறது. தன் பெயரெழுதிய அட்டையை, 'வீடு' என்ற பக்கத்திலிருந்து எடுத்துப் 'பள்ளி' என்ற பக்கத்தில் செருகுகிறது. அதன் பின் சுமார் கால்மணி நேரம் கட்டைகளோ களிமண்ணோ வைத்து விளையாடலாம். 9.05-க்கு எல்லோரும் பாயில் வட்டமாக உட்கார்ந்து பாட்டுப் பாடி, இன்று என்ன கிழமை, வெயிலா மேகமா என்று சொல்லி, அன்றைய தினம் வரிசைக்குத் தலைமை தாங்குபவர் யார் என்று தெரிந்துகொள்கிறார்கள். நம் சிறுவன் வந்து சேர்வது 9.10-க்கு. எழுத்தோ எண்ணோ எதையும் அவன் இழந்துவிடவில்லை, பாடம் 9.20-க்குத்தான் ஆரம்பமாகிறது. அப்படியானால் அவன் இழந்தது என்ன?

அமெரிக்க மனோதத்துவ நிபுணர் காதரின் நெல்சன் என்ற அம்மையார், 1970-களிலும் 80-களிலும் சின்னஞ்சிறு குழந்தைகளிடம் மிகச் சாதாரணமான கேள்விகளைக் கேட்டார்: பிறந்த நாள் விருந்தில் என்ன நடக்கும், காப்பகத்தில் மதியச் சாப்பாடு எப்படி நடக்கும் என்பன போன்றவை. மூன்று வயதுக் குழந்தைகள்கூட, ஒரு நாள் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாமல், "கை கழுவுவோம், சாப்பிடுவோம், அப்புறம் தூங்குவோம்" என்பது போல, என்றும் நடப்பதை நடக்கிற கிரமத்திலேயே சொன்னதை அவர் கண்டார். நாடகத்தில் நடிப்பவனுக்கு அடுத்த காட்சி இன்னதென்று தெரிந்திருப்பதைப் போல, அன்றாட நிகழ்ச்சிகளின் வரிசை குழந்தையின் மனத்தில் ஒரு பிரதியாக எழுதப்பட்டிருக்கிறது. கடிகாரம் பார்க்கத் தெரியாத பிராயத்தில் குழந்தைக்குக் காலம் என்பதே இந்த வரிசைதான். அட்டையைச் செருகினால் விளையாட்டு, விளையாட்டு முடிந்தால் பாட்டு. அடுத்தது இன்னதென்று தெரிந்த குழந்தைக்கு அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய அவசியமில்லை. பாட்டின் நடுவே வந்து நிற்கும் குழந்தையோ, முதல் அங்கத்தைப் பாராமல் இரண்டாம் அங்கத்தில் மேடையேற்றப்பட்ட நடிகனைப் போல் விழிக்கிறது.

இழப்பு அதனோடு நிற்பதில்லை. வில்லியம் கோர்சாரோ என்ற சமூகவியலாளர் கலிபோர்னியாவில் ஒரு பாலர் பள்ளியில் மாதக்கணக்கில் குழந்தைகளோடு குழந்தையாகத் தரையில் உட்கார்ந்து கவனித்தவர். ஏற்கெனவே விளையாடிக்கொண்டிருக்கும் இருவரிடம் மூன்றாவது குழந்தை வந்து சேர முயன்றால், முதல் முயற்சி ஏறக்குறைய பாதித் தடவை மறுக்கப்படுவதை அவர் பதிவு செய்தார். அது பொல்லாத்தனம் அன்று என்பது அவருடைய முடிவு. சிறு குழந்தைகளின் விளையாட்டு எளிதில் கலைந்துவிடக்கூடியது; ஒன்றாய்க் கட்டிய கற்பனையைக் காப்பாற்றவே அவர்கள் புதியவரைத் தடுக்கிறார்கள். "என்னையும் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்பதைவிட, சத்தமின்றி அருகில் நின்று, அவர்கள் செய்வதையே சிறிது செய்து காட்டுகிற குழந்தை சுலபமாக உள்ளே சேர்ந்துவிடுகிறது. அப்படி நின்று பார்த்து நுழைவதற்குச் சாவகாசம் வேண்டும். அந்தச் சாவகாசமே காலை விளையாட்டு நேரம்.

ஆசிரியையின் கடிதம் இதுதான்:

"அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம். தம்பி வகுப்பில் மிகவும் பிரியமாக இருக்கிறான்; கட்டைகளால் பாலம் கட்டுவதில் அவனுக்கு அலாதி ஆசை. சென்ற இரண்டு வாரங்களில் ஆறு நாள் அவன் 9.10-க்கு மேல் வந்தான். அந்த ஆறு நாளும் கட்டைகளை எடுத்து வைத்த பிறகே வந்ததால் பாலம் கட்ட முடியவில்லை; பாட்டு வட்டத்தில் உட்காராமல் கதவருகே நின்றான்; பத்து மணிவரை யாரோடும் பேசவில்லை. நேரத்தோடு வந்த நான்கு நாளும், தன் அட்டையைத் தானே செருகிவிட்டு நேரே கட்டைகளிடம் ஓடினான். காலையில் வீட்டில் எது சிரமமாக இருக்கிறது என்று தெரிவித்தால், இருவரும் சேர்ந்து ஒரு வழி பார்க்கலாம்."

இதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற எனக்குத் தோன்றவில்லை. முக்கியமாக, நேரத்தோடு வந்த நாளையும் தாமதமாக வந்த நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருப்பது வெறும் நயம் மட்டுமல்ல, பரிசோதனையும்கூட. நேரத்தோடு வந்த நாளிலும் பையன் கதவருகே ஒட்டிக்கொண்டு நின்றிருந்தால், காரணம் தாமதம் அல்ல. பிரிவு அச்சமோ, காது கேளாமையோ, வேறெதுவோ இருக்கலாம், அதை வேறு விதமாகத் தேட வேண்டும்.

கடிதம் போன மறுநாளே தாயார் வந்தார். தகப்பனார் கடையைப் பூட்டிவிட்டு வீடு வருவது இரவு பத்து மணிக்கு, அப்பாவைப் பார்க்காமல் பையன் தூங்குவதில்லை, தூங்கும்போது 10.30, எழுப்பும்போது 7.30. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டுமென்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ல் வகுத்திருக்கிறது. இவனுக்குக் கிடைத்தது ஒன்பது. மேலும், அப்பாவுக்காகக் காத்திருந்த நேரமெல்லாம் விளக்கும் தொலைக்காட்சியும் எரிந்துகொண்டிருந்தன. கொலராடோ பல்கலைக்கழகத்தார் 2018-ல் இதே வயதுக் குழந்தைகள் சிலரைப் பரிசோதித்தபோது, படுக்கப்போகும் முன் ஒரு மணி நேரம் பிரகாசமான வெளிச்சத்தில் இருந்ததால், தூக்கத்துக்கு உடலை ஆயத்தம் செய்யும் மெலடோனின் என்ற சுரப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு குறைந்துவிட்டது. அந்த வெளிச்சம் நம் வீட்டு டியூப் லைட்டைவிடக் கடுமையானதுதான். ஆயினும் மங்கலான வெளிச்சமும் இந்த வயதில் கணிசமாகத் தடுக்கிறதென்று அதே குழுவினர் பிற்பாடு கண்டார்கள்.

ஆகவே சிக்கல் காலையில் இல்லை, முந்திய இரவில் இருந்தது. எட்டு மணிக்கு மேல் கூடத்து விளக்கை அணைத்துவிடுவது, மூன்று நாளைக்கு ஒருமுறை படுக்கும் நேரத்தைக் கால்மணி முன்னுக்குத் தள்ளுவது, இரவில் இழந்த அப்பாவைக் காலையில் ஈடுசெய்யும் விதமாகத் தகப்பனாரே ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவது என்று முடிவாயிற்று. 10.30 ஒன்பது ஆக ஆறு படிகள், பதினெட்டு நாள்.

எல்லா வீட்டிலும் இது இவ்வளவு எளிதாக அமையாது. இரவு முறை வேலை பார்க்கும் தாயாலோ, ஒரே பஸ்ஸை நம்பியிருக்கும் தகப்பனாலோ, எவ்வளவு அன்பான கடிதம் வந்தாலும் குழந்தையை நேரத்தோடு கொண்டுவர முடியாது. அதற்காக ஆசிரியை தம் பக்கத்திலும் ஒரு மாறுதல் செய்தார். யார் எப்போது வந்தாலும், பாட்டு நடந்துகொண்டிருந்தாலும், குழந்தையை இழுத்து வட்டத்தில் உட்கார வைப்பதில்லை. செருப்பு, பை, அட்டை என்ற மூன்றையும் அது தன் கையாலேயே செய்து முடிக்கும்வரை காத்திருக்கிறார். இரண்டு நிமிஷம் ஆகிறது. அவ்விரண்டு நிமிஷத்தில் குழந்தை, தான் வந்துவிட்டதைத் தனக்கே சொல்லிக்கொள்கிறது.