பி-மதிப்பு பிழையாக அச்சானால் என்ன செய்வது?

ஒரு மருந்து வலியைக் குறைக்கிறதா என்று 30 நோயாளிகளிடம் ஆய்வு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15 பேருக்கு மருந்து, 15 பேருக்குப் போலி மாத்திரை. கட்டுரையில் இருபக்கச் சோதனை என்ற குறிப்போடு t(28) = 1.95, p = 0.03 என்று அச்சாகிறது. 0.05-க்குக் கீழே இருப்பதால் ‘மருந்து பலன் தருகிறது’ என்று முடிவுரை சொல்கிறது. ஆனால் அந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று பொருந்தாது.

இதைக் கண்டறிய மூலத்தரவு தேவையில்லை. எக்செல்லில் இந்த ஒரு வரி போதும்:

```
=T.DIST.2T(1.95,28)
```

விடை ஏறக்குறைய 0.061. அச்சானது அதில் சரிபாதி. இருபக்கச் சோதனை என்று சொல்லிவிட்டு ஒருபக்க மதிப்பை எழுதியிருப்பதன் அடையாளம் இது. 1.95 என்பதைத் தசமத்தில் சற்றுக் கூட்டிக் குறைத்துப் பார்த்தாலும் 0.03 வராது.

இத்தகைய பிழை அரிதன்று. நெதர்லாந்து ஆய்வாளர்கள் statcheck என்ற மென்பொருளால் எட்டு உளவியல் இதழ்களைச் சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டனர். பி-மதிப்பு தந்த கட்டுரைகளில் பாதியில் ஒரு பொருந்தாத எண்ணாவது இருந்தது. ஏறத்தாழ எட்டில் ஒன்றில், பிழை முடிவையே மாற்றக்கூடியதாக இருந்தது.

கடிதத்தில் இருக்க வேண்டியவை

பிழையை உணர்ந்த ஆசிரியர்கள் இதழாசிரியருக்கு எழுதும் திருத்தக் கடிதம் பக்கம், அட்டவணை எண்ணோடு அச்சான மதிப்பையும் சரியான மதிப்பையும் அருகருகே தர வேண்டும். பிழை எப்படி நேர்ந்தது என்பதையும், அந்த எண் சுருக்கத்திலும் முடிவுரையிலும் எங்கெல்லாம் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

‘இத்திருத்தம் முடிவுகளைப் பாதிக்காது’ என்ற வரியை எழுதும் முன் கணக்கைப் பார்க்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் மருந்து பெற்றவர்களுக்கு வலி மற்றவர்களைவிடச் சராசரியாக 3.9 புள்ளி கூடுதலாகக் குறைந்தது, திட்டப்பிழை 2.0 என்றால், 95% நம்பக இடைவெளி −0.2 முதல் 8.0 வரை. சுழியம் அதற்குள் வந்துவிடுகிறது. 3.9 என்ற வேறுபாடு மாறவில்லை, அதனால் ‘மருந்து பயனற்றது’ என்றும் சொல்ல முடியாது. ‘பலன் இருக்கலாம், இந்த ஆய்வு அதை உறுதி செய்யவில்லை’ என்பதே நேர்மையான புது முடிவு. சுருக்கத்திலும் முடிவைச் சொல்லும் வாக்கியம் மாற வேண்டும், ஏனெனில் பலரும் படிப்பது சுருக்கத்தை மட்டுமே.

வாசகர் என்ன செய்யலாம்?

பிழையைக் கண்டவர் முதலில் தொடர்பு ஆசிரியருக்குக் கணக்கோடு எழுதலாம். பதில் வராவிட்டால் இதழாசிரியருக்கு எழுதலாம். அவரும் முறைப்படி கவனிக்காவிட்டால், இதழ் ‘கோப்’ எனப்படும் பதிப்பு நெறிமுறைக் குழுவில் உறுப்பினராக இருக்கும்பட்சத்தில் அங்கே முறையிடலாம். ஆய்வு சரியா தவறா என்று அக்குழு தீர்ப்பளிக்காது. இதழ் நெறிப்படி நடந்ததா என்றே பார்க்கும்.

வெளியான திருத்தம் மூலக்கட்டுரையோடு இணைக்கப்பட வேண்டும். பப்மெடில் கட்டுரையைத் திறந்ததும் திருத்தக் குறிப்பு உண்டா என்று பாருங்கள். தரவிறக்கி வைத்த பழைய பிடிஎஃப் கோப்பில் அது இருக்காது. அந்த எண்ணை மேற்கோள் காட்டுமுன் இணையப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்ப்பது அவசியம்.