குதிகாலில் இரண்டு பைகள்

பல வருடம் செருப்பு மட்டுமே போட்ட ஒருவர் காவலாளி வேலைக்குச் சேர்கிறார். சீருடையோடு கறுப்புத் தோல் ஷூவும் கொடுக்கிறார்கள். சில வாரங்களில் குதிகாலின் பின்புறம், சற்று வெளிப்பக்கமாக, சிவந்து புடைத்து வலிக்கிறது. ஷூ எலும்பை வளர்த்துவிட்டது என்று நினைக்கிறார். பெரும்பாலும் அந்த எலும்பு மேடு முன்பே இருந்ததுதான். பின்புறம் திறந்த செருப்பில் அதை உரச எதுவும் இல்லை, அவ்வளவே.

1928-இல் இந்த மேட்டை விவரித்த சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் பாட்ரிக் ஹக்லுண்டின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. ஆனால் வலிப்பது பெரும்பாலும் எலும்பு அல்ல. கெண்டைக்கால் தசையிலிருந்து இறங்கும் தடித்த நாண் குதிகால் எலும்பின் பின்புறம் ஒட்டுகிறது. அதற்குச் சற்று மேலே, நாணுக்கும் எலும்புக்கும் நடுவில், உராய்வைக் குறைக்க ஒரு சிறு திரவப் பை பிறவியிலேயே உண்டு. நாணுக்கும் தோலுக்கும் நடுவில் இன்னொரு பை இருக்கலாம். அது ஓயாத உராய்வைச் சமாளிக்க உடல் பின்னர் உண்டாக்கிக்கொள்வது.

எந்தப் பை வீங்கியிருக்கிறது என்பதை ஓரளவு விரலே சொல்லும். மேலேயே சிவந்து, தொட்டவுடன் வலித்தால் தோலடிப் பை. நாணுக்குச் சற்று முன்னால், இரு பக்கமும் கட்டைவிரலும் சுட்டுவிரலும் வைத்து அழுத்தும்போது சுரீரென்றால் உள்பை.

தோலடிப் பைக்கு உரசலை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. மெத்தையை மேட்டின் மேலேயே ஒட்டுவதுதான் பலர் செய்வது. இடம் இன்னும் இறுகி, வலி கூடும். நடுவில் ஓட்டை வெட்டி, மேடு அந்த ஓட்டைக்குள் அடங்கும்படி ஒட்ட வேண்டும். ஷூவின் பின்சுவரை அந்த ஒரு இடத்தில் மட்டும் தளர்த்தித் தரச் சொல்லி ஷூ தைப்பவரிடமும் கேட்கலாம். குதிகால் மேலும் கீழும் வழுக்காதபடி கயிற்றை இறுக்கிக் கட்டுவதும் முக்கியம்.

உள்பையின் கதை வேறு. முன்பாதத்தை மேலே தூக்கும்போது, கிணற்று விளிம்பில் கயிறு அழுந்துவதுபோல நாண் எலும்பு முனையில் அழுந்துகிறது. நடுவில் பை நசுங்குகிறது. அதனால் குதிகாலைச் சற்று உயர்த்தினால் இதம் கிடைக்கும். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள அட்டையை, இரு கால் சமமாக இருக்க இரண்டு ஷூவிலும் வைப்பார்கள். ஹை ஹீல்ஸ் போடும் பெண்களுக்கு அதிகம் வருவதாகப் பெயரெடுத்த நோய்க்கு, குதியை உயர்த்துவதே வைத்தியமா என்று கேட்கலாம். அங்கே குற்றவாளி உயரத்தைவிட, கயிறில்லாத ஷூ காலைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும் அந்த விறைப்பான பின்விளிம்புதான்.

படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே இறக்கும் பயிற்சியை இந்த நிலையில் தவிர்ப்பது நல்லது. அது பையை மேலும் நசுக்கும். ஸ்டீராய்டு ஊசிக்கும் மருத்துவர்கள் தயங்குவார்கள், நாண் பலவீனப்பட்டு அறுந்துபோகும் ஆபத்து உண்டு. இரண்டு குதியும் வலித்து, காலையில் நெடுநேரம் முதுகும் விறைத்திருந்தால் ஷூவை விட்டுவிட்டு மூட்டுவாத மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் எல்லாம் செய்தும் அடங்காதவர்களுக்கே மேட்டைச் செதுக்கும் அறுவை சிகிச்சை. அதிலிருந்து தேறவும் பல மாதங்கள் ஆகும்.